கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு

சிறுதொழில் செய்கிறவர்களுக்கு இன்று கடையைத் திறந்து வைத்தால் மட்டும் போதவில்லை. எண்ணெய் ஆட்டுகிறவரும் நாற்றுப்பண்ணை வைத்திருப்பவரும் கிரைண்டர் பழுது பார்ப்பவரும்கூட யூடியூபிலோ இன்ஸ்டாகிராமிலோ வாட்ஸ்அப் குழுவிலோ வாரம் இரண்டு தடவையாவது எதையாவது சொல்லிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. ஆரம்பத்தில் சொல்ல நிறைய இருக்கும். தாத்தா காலத்துக் கதை, கடை பிறந்த கதை, சரக்கு எங்கிருந்து வருகிறது என்ற விவரம் எல்லாம் வரும். இரண்டு மாதத்தில் அது தீர்ந்துவிடும். அதன்பிறகு காலை வணக்கமும் பண்டிகை வாழ்த்தும் தள்ளுபடி அறிவிப்பும்தான். "இனி என்னத்தச் சொல்றதுன்னே தெரியலைங்க" என்று என்னிடம் சொல்கிற கடைக்காரர், அன்று காலையிலிருந்து வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுபோய் உட்கார்ந்திருப்பார்.

அந்தப் பதில்கள்தான் அவர் சொல்ல வேண்டியவை. அவற்றை இழுத்து வந்த கேள்விகள்தான் அவருக்குத் தலைப்புகள். இது கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் கேள்வியைப் பிடிப்பதிலும் பிரிப்பதிலும் பதில் சொல்வதிலும் ஒரு முறை இருக்கிறது. அது தவறினால், கேள்விகள் குவிந்து கிடந்தும் பயன் இருக்காது.

இந்த முறையை உலகறியச் செய்தவர் ஒரு நீச்சல்குள வியாபாரி. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தைச் சேர்ந்த மார்கஸ் ஷெரிடன் 2001இல் நண்பர்கள் இருவரோடு சேர்ந்து ரிவர் பூல்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். வீட்டுத் தோட்டத்தில் குழி வெட்டி, ஃபைபர்கிளாஸ் தொட்டியை இறக்கிப் பதித்துத் தருவது தொழில். 2008இல் அங்கே வீட்டுக்கடன் நெருக்கடி வெடித்தது. கையில் காசு இறுகியதும் மக்கள் முதலில் தள்ளிப்போட்ட செலவுகளில் நீச்சல்குளமும் ஒன்று. 2009 தொடக்கத்தில் நிறுவனம் திவாலின் விளிம்புக்கு வந்துவிட்டது. விளம்பரத்துக்குச் செலவிட வழியில்லை. அப்போது ஷெரிடன் செய்தது இதுதான்: அத்தனை ஆண்டுகளில் வாடிக்கையாளர்கள் தன்னிடம் கேட்ட கேள்விகளையெல்லாம் நினைவிலிருந்து எழுதினார். ஒவ்வொரு கேள்வியையும் அப்படியே ஒரு தலைப்பாக வைத்து, அதன் கீழே பதிலை எழுதி நிறுவனத்தின் இணையதளத்தில் போட ஆரம்பித்தார்.

அவரிடம் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "ஃபைபர்கிளாஸ் குளம் போட எவ்வளவு ஆகும்?" அந்தத் தொழிலில் யாரும் இதற்கு வெளிப்படையாகப் பதில் எழுதியதில்லை. "இடத்தைப் பார்க்காமல் சொல்ல முடியாது" என்பதே வழக்கமான பதில். அது பொய்யும் அல்ல. ஷெரிடன் அந்த உண்மையையே விரித்து எழுதினார். எதெதைப் பொறுத்து விலை ஏறும், எதைக் குறைத்தால் இறங்கும், மொத்தத்தில் எந்தத் தொகையிலிருந்து எந்தத் தொகைக்குள் வரும் என்று சொன்னார். அந்த ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு வந்தவர்களால் மட்டும் பத்து லட்சம் டாலருக்கு மேல் வியாபாரம் நடந்ததாக அவர் பின்னர் கணக்குச் சொன்னார். 2013இல் நியூயார்க் டைம்ஸ் அவரைப் பற்றி எழுதியது. 2017இல் அவரே இந்த முறையைப் புத்தகமாக எழுதினார்.

அவர் கண்டுகொண்டதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. வாங்குவதற்கு முன்னால் மக்கள் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவை ஐந்து வகைக்குள் அடங்குகின்றன என்கிறார். விலை என்ன, இதில் என்ன கோளாறு வரும், அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம், வாங்கினவர்கள் என்ன சொல்கிறார்கள், இருப்பதில் எது நல்லது. வியாபாரிகள் மழுப்புவதும் பெரும்பாலும் இந்த ஐந்தில்தான். ஷெரிடன் தன் சரக்கில் உள்ள குறையையே தலைப்பாக்கினார். ஃபைபர்கிளாஸ் தொட்டியை லாரியில் ஏற்றிச் சாலை வழியே கொண்டுவர வேண்டியிருப்பதால் அதன் அகலம் பதினாறு அடிக்கு மேல் போவதில்லை. அதைவிட அகலமாகவோ, நினைத்த வடிவத்திலோ வேண்டும் என்பவருக்குக் கான்கிரீட் குளம்தான் சரி. ஃபைபர்கிளாஸ் விற்கிற கடை அதை மறைக்காமல் சொல்லும்போது, அந்தக் கடை சொல்லும் மற்றதையும் படிப்பவர் நம்புகிறார்.

தமிழ் வாசகர்களுக்கு இது முற்றிலும் புதிதல்ல. சுஜாதா ஜூனியர் விகடனில் எழுதிய 'ஏன்? எதற்கு? எப்படி?' முழுக்க வாசகர்கள் அனுப்பிய அறிவியல் கேள்விகளால் ஓடிய தொடர். கேள்வி வருகிற வரை அந்தத் தொடருக்குப் பஞ்சமில்லை. நம் பத்திரிகைகளில் கேள்வி-பதில் பகுதிகள் பல பத்தாண்டுகளாக நிற்பதற்கும் இதுவே காரணம். பத்திரிகைக்குக் கேள்வி தபாலில் தேடி வந்தது. கடைக்காரரோ தன் காதில் விழுகிற கேள்வியைத் தானே பிடித்து வைக்க வேண்டும்.

எப்படிப் பிடிப்பது என்பதை ஒரு மரச்செக்கு எண்ணெய்க் கடையை வைத்துச் சொல்கிறேன். கொங்குப் பகுதியில் எனக்குப் பழக்கமான கடை. கணவன் செக்கைப் பார்த்துக்கொள்கிறார், மனைவி கல்லாவில் இருக்கிறார். கடலெண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் மூன்றும் உண்டு. ஒரு நாள் நான் அங்கே இருந்தபோது வயதான அம்மா ஒருவர் காலி பாட்டிலோடு வந்தார்.

"ஏம்மணி, போன வாட்டி வாங்கீட்டுப் போன கடலெண்ணெய், வாணலியில ஊத்துனா பொங்கிப் பொங்கி வருதே? பலகாரம் சுட்டுட்டு இருக்கறப்ப அடுப்பே நனைஞ்சு போச்சு. பாக்கெட் எண்ணெயில இந்தத் தொந்தரவே இல்லையே. கலப்படம் ஏதாச்சும் பண்றீங்களா?"

"இல்லீங்கம்மா, செக்கெண்ணெய்னா அப்படித்தானுங்க நுரைக்கும். வடிகட்டாத எண்ணெயில்லீங்களா. மொதல்ல சிறுதீயில வெச்சு நல்லாக் காயவிட்டுப் பாருங்க. எண்ணெயக் கொஞ்சம் கம்மியா ஊத்துங்க."

அந்த அம்மா சமாதானமாகி இன்னொரு லிட்டர் வாங்கிக்கொண்டு போனார். அவர் போன பிறகு, இந்தக் கேள்வி அடிக்கடி வருமா என்று கேட்டேன். தினமும் வருமாம். அதைப் பற்றி எப்போதாவது வீடியோ போட்டீர்களா என்றால், இல்லை. "இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதானுங்களே" என்றார். தொழிலை நன்றாகத் தெரிந்தவர்கள் அனைவருக்கும் வருகிற இடையூறு இது. தனக்குப் பழகிப்போனது ஊருக்கே தெரியும் என்று நினைத்துவிடுவார்கள். ஒரே கேள்வி தினமும் வருகிறது என்பதே அது யாருக்கும் தெரியவில்லை என்பதற்கான சாட்சி.

அன்றே கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு வந்தது. அதில் நான்கு கட்டம் போட்டோம். தேதி, கேள்வி, கேட்டவர் ஏற்கெனவே வாங்கினவரா புதியவரா, எங்கே கேட்டார். நேரிலா, போனிலா, வாட்ஸ்அப்பிலா, வீடியோவின் கீழே கமென்ட்டிலா என்பதுதான் கடைசிக் கட்டம். பதிலுக்கு அந்த நோட்டில் இடமில்லை. பதிலையும் எழுத ஆரம்பித்தால் கடையில் கூட்டம் சேருகிற நேரத்தில் நோட்டு மூடியே கிடக்கும்.

இரண்டாவது கட்டத்துக்கு ஒரே ஒரு விதி உண்டு. கேட்டவர் எப்படிக் கேட்டாரோ அப்படியே எழுத வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் நாட்டில் விவசாயிகளின் கேள்விகளுக்குப் போனிலேயே பதில் சொல்வதற்காக 2004 ஜனவரியில் தொடங்கப்பட்ட கிசான் கால் சென்டர் இருக்கிறது. 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே பேசலாம். எந்த மாவட்டம், என்ன பயிர், என்ன கேள்வி, என்ன பதில் என்று ஒவ்வொரு அழைப்பும் பதிவாகிறது. அந்தப் பதிவுகளை அரசு பொதுவிலும் வைத்திருக்கிறது. விவசாயம் பற்றி எழுதுகிறவருக்கு அது பெரிய புதையல். ஆனால் பிரித்துப் படித்தால் ஒரு குறை தெரியும். கேள்விகள் பெரும்பாலும் விவசாயியின் வாய்ச்சொல்லில் இல்லை. பதில் சொன்ன அலுவலர் சுருக்கி எழுதியதாகவே இருக்கும். "வானிலை பற்றிக் கேட்டார்", "நெல்லில் பூச்சி மேலாண்மை பற்றிக் கேட்டார்" என்கிற பாணி. எந்த மாவட்டத்தில் எந்த மாதம் எந்தப் பயிருக்கு எதைப் பற்றிக் கேட்கிறார்கள் என்பது அதிலிருந்து நன்றாகவே தெரியும். மருந்தடித்த பிறகு மழை வந்துவிடுமோ என்று பயந்து கேட்டாரா, அறுத்துப் போட்ட நெல் நனைந்துவிடுமோ என்று கேட்டாரா என்பது தெரியாது. இரண்டும் வானிலைக் கேள்விதான். எழுத வேண்டிய கட்டுரைகள் வேறு வேறு.

எண்ணெய்க் கடை நோட்டிலும் இந்த ஆபத்து முதல் வாரமே வந்தது. "எண்ணெய்த் தரம் குறித்த சந்தேகம்" என்று நான்கு இடத்தில் எழுதியிருந்தார் அந்தப் பெண். நினைவிலிருந்து திரும்பச் சொல்லச் சொன்னபோது நான்கும் வேறு வேறாக இருந்தன. "பொங்குது", "அடியில மண்டி நிக்குது", "வாசமே இல்ல", "போன தடவைய விடக் கலரு வெளுப்பா இருக்கு." நான்குக்கும் பின்னால் இருக்கிற பயம் ஒன்றுதான், நம்மை ஏமாற்றுகிறார்களோ என்பது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் காரணம் தனி. ஆகவே நான்கும் நான்கு தலைப்புகள்.

சொல்லை அப்படியே வைத்துக்கொள்வதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. மக்கள் கடையில் கேட்கிற அதே சொல்லைத்தான் செல்போனிலும் தட்டித் தேடுகிறார்கள். 'மரச்செக்கு எண்ணெயின் தரநிர்ணயம்' என்று யாரும் தேடப்போவதில்லை. "செக்கு எண்ணெய் ஏன் நுரைக்குது" என்று தேடுவார்கள். அதிலும் பலர் ஆங்கில எழுத்திலேயே தமிழைத் தட்டுகிறார்கள். கூகுளில் `kadalai ennai nurai` என்று தட்டிவிட்டு என்டர் அழுத்தாமல் காத்திருந்தால், மற்றவர்கள் அடிக்கடி தேடும் வாசகங்கள் கீழே வரிசையாக விழும். நோட்டில் இருக்கிற கேள்வி நம் ஊரில் மட்டும்தான் கேட்கப்படுகிறதா, வெளியிலும் உண்டா என்று சரிபார்க்க அது உதவும். வீடியோவின் தலைப்பைத் தமிழில் வைத்துவிட்டு, கீழே உள்ள விளக்கத்தில் ஆங்கில எழுத்துத் தமிழையும் ஒரு வரி சேர்ப்பது நல்லது.

கமென்ட்டுகளைத் தோண்டுவதற்கு வேறு பழக்கம் வேண்டும். யூடியூபில் சேனல் உரிமையாளருக்கான யூடியூப் ஸ்டுடியோ பகுதியில், கேள்வி உள்ள கமென்ட்டுகளை மட்டும் பிரித்துக் காட்டும் வசதி உண்டு. அதை மட்டும் நம்பினால் நம் ஊர்க் கேள்விகள் பல தப்பிப் போகும். நம்மவர்கள் கேள்விக்குறி போடுவது அபூர்வம். "விலை சொல்லுங்க சார்", "எங்க ஊருக்கு அனுப்ப முடியுமா", "குழந்தைக்கு தேய்க்கலாமா அக்கா", `evlo nal vachukalam` என்றுதான் வரும். ஆகவே ஏன், எப்படி, எவ்வளவு, எங்கே, முடியுமா, லாமா போன்ற சொற்களைத் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் போட்டுத் தேடிப் பார்க்க வேண்டும். வாட்ஸ்அப்பிலும் இதே தேடல் நடக்கும். வாரத்தில் ஒரு நாள், கடை சாத்தின பிறகு அரை மணி நேரம் போதும். கிடைத்ததை அதே நோட்டில், அதே நான்கு கட்டத்தில் ஏற்ற வேண்டும். நேரில் கேட்டதற்கு ஒரு நோட்டு, கமென்ட்டுக்கு ஒரு கோப்பு என்று தனித்தனியாக வைத்தால், இரண்டு இடத்திலும் வருகிற கேள்வி எது என்பது கண்ணில் படாது.

ஒரு கேள்விக்குள் எத்தனை தலைப்பு இருக்கிறது என்பதை அந்த நுரையிலேயே பார்க்கலாம். செக்கில் ஆட்டிய எண்ணெயில் நுண்ணிய பிண்ணாக்குத் துகளும் சிறிது ஈரமும் பாஸ்போலிப்பிட் எனப்படும் பிசின் போன்ற பொருளும் தங்கியிருக்கும். சூடேறும்போது ஈரம் ஆவியாகி வெளியேறப் பார்க்கும். பிசின் அந்தக் குமிழ்களை உடையவிடாமல் பிடித்துக்கொள்ளும். அதுதான் நுரை. சுத்திகரிப்பு ஆலையில் முதலில் நீக்குவதே இந்தப் பிசினை. அதனால்தான் பாக்கெட் எண்ணெய் அப்படிப் பொங்குவதில்லை. இதை அடுப்பில் வாணலியை வைத்துக் காட்டினால் அது ஒரு வீடியோ.

அதே அம்மாவின் கேள்வியைத் திரும்பப் படித்தால், "பலகாரம் சுட்டுட்டு இருக்கறப்ப" என்று ஒரு வார்த்தை நிற்கிறது. தாளிப்பதற்கு ஊற்றுகிறவர் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. நிறைய எண்ணெய் வைத்துப் பொரிக்கிறவர்தான் கேட்கிறார். பொங்கி வழிந்த எண்ணெய் அடுப்பில் பட்டால் தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. ஆகவே பலகாரம் சுடும்போது செக்கெண்ணெயை எப்படிக் கையாள்வது என்பது தனியாக ஒரு தலைப்பு. எவ்வளவு அகலமான வாணலி, எவ்வளவு உயரம் வரை ஊற்றுவது, முதலில் சிறுதீயில் எவ்வளவு நேரம் காயவிடுவது, சின்ன உருண்டைப் புளி போட்டு எடுக்கிற பழைய வழக்கத்தில் நுரை எவ்வளவு அடங்குகிறது என்று அதில் செய்தே காட்டலாம். "கலப்படமா?" என்றதற்கு மூன்றாவதாக ஒன்று வேண்டும். நுரையை வைத்துக் கலப்படம் உண்டு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. வீட்டில் கண்ணால் பார்த்தும் மூக்கால் மோந்தும் கண்டுபிடிக்கக்கூடியது கொஞ்சம்தான். உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் உணவுப் பரிசோதனைக் கூடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். இதைக் கடைக்காரரே சொல்ல வேண்டும். "பாக்கெட் எண்ணெயில இல்லையே" என்பது ஒப்பீடு. அது நான்காவது. போன தடவை பொங்கியது இந்தத் தடவை பொங்கவில்லையே என்று வேறொருவர் கேட்டது ஐந்தாவது. எண்ணெய் எத்தனை நாள் தெளிந்தது, பருப்பில் எவ்வளவு ஈரம் இருந்தது என்பதைப் பொறுத்து அது மாறும் என்று சொல்லும்போது செக்கு வேலையின் நுணுக்கமே அதில் வந்துவிடும்.

ஐந்தையும் ஒரே வீடியோவில் அடைக்கும் ஆசை வரும். கூடாது. பலகாரம் சுடுகிறவருக்கு வேண்டியது சூடான எண்ணெயோடு நிற்கும்போது உதவுகிற பதில். அவர் பிசினைப் பற்றிய பாடத்துக்குப் பொறுமையாக இருக்க மாட்டார்.

எந்தக் கேள்வியை முதலில் எடுப்பது? எண்ணிக்கை ஒரு வழிகாட்டி. ஆனால் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் மூன்றாவது கட்டம் வீணாகிவிடும். வாங்கினவர் கேட்பது பெரும்பாலும் பயன்படுத்துவதைப் பற்றி. வாங்காதவர் கேட்பது நம்புவதைப் பற்றி. "கடையில இதைவிடக் கம்மியாக் கிடைக்குதே, நீங்க மட்டும் ஏன் இவ்வளவு சொல்றீங்க?" என்று கேட்கிறவர்கள் அந்தக் கடையில் குறைவுதான். பலர் கேட்காமலே விலைப் பலகையைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். கேட்ட ஒருவருக்குப் பின்னால் கேட்காமல் போனவர்கள் நிறைய இருக்கும் கேள்வி இது. ஆகவே நோட்டில் குறைவாக வந்திருந்தாலும் அதை மேலே ஏற்றினோம்.

அதற்கான பதிலைக் கணக்காகவே சொல்லச் சொன்னேன். ஒரு லிட்டர் கடலெண்ணெய்க்கு இரண்டேகாலிலிருந்து இரண்டரை கிலோ வரை நிலக்கடலைப் பருப்பு வேண்டும். பருப்பின் ரகத்தையும் ஈரத்தையும் பொறுத்து அது கூடும், குறையும். அன்றைய சந்தை விலையில் அத்தனை பருப்புக்கு எவ்வளவு ஆகிறது என்று பலகையில் எழுதினார். ஆட்டுகூலி, மின்சாரம், பாட்டில் செலவைக் கூட்டினார். பிண்ணாக்கு விற்று வருகிற பணத்தைக் கழித்தார். மீதியில் தனக்கு என்ன நிற்கிறது என்பதையும் மறைக்கவில்லை. அந்தக் கணக்கைப் பார்க்கிறவர், பருப்பு விலைக்கும் கீழே யாராவது செக்கெண்ணெய் விற்றால் அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தானாகவே தெரிந்துகொள்வார். அடுத்தவர் கடையைக் குறை சொல்ல வேண்டியதே இல்லை. பருப்பு விலை மாறும்போதெல்லாம் அந்தக் கணக்கைப் புதுப்பிக்க வேண்டும் என்பதால், வருடத்துக்கு நான்கைந்து முறை அதுவே மறுபடியும் ஒரு தலைப்பாகிறது.

தேதிக் கட்டத்தின் மதிப்பு ஒரு வருடம் போன பிறகுதான் தெரியும். மார்கழி பிறந்தால் "தேங்காய் எண்ணெய் உறைஞ்சு போச்சு, மெழுகு கலந்திருக்கா?" என்று கேட்பார்கள். சுத்தமான தேங்காய் எண்ணெயே சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். தீபாவளிக்கு முன்பு பலகாரக் கேள்விகள் வரும். ஐப்பசி மழையில் "சிக்கு வாசம் வருது, கெட்டுப் போச்சா?" என்று கேட்பார்கள். வெயில் ஏறினால் எண்ணெய்க் குளியல் பற்றி விசாரிப்பார்கள். இந்த வருடக் கேள்வி அடுத்த வருடம் அதே வாரத்தில் திரும்ப வரும். கேள்வி வருவதற்குப் பத்து நாள் முன்பே பதிலைப் போட்டுவிடலாம்.

தவறு எங்கே நேரும் என்பதையும் சொல்லியாக வேண்டும். முதலாவது, பதில் விளம்பரமாக மாறிவிடுவது. "ஏன் நுரைக்குது?" என்று ஆரம்பித்து "ஆகவே நம்ம கடை எண்ணெய்தான் சுத்தம்" என்று முடித்தால் கேட்டவருக்கு எதுவும் கிடைக்கவில்லை. இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. பதில் போட்ட பிறகும் நோட்டைத் தொடர்ந்து பார்க்க வேண்டும். அந்த வீடியோவைப் பார்த்தவர்களே திரும்பவும் அதே கேள்வியைக் கேட்டால் பதில் போய்ச் சேரவில்லை. கேள்வி மாறி வந்தால் போய்ச் சேர்ந்துவிட்டது. நுரை வீடியோவுக்குக் கீழே சில நாளில் "அப்படீன்னா எத்தன நாள் தெளிய வெச்சா நுரை கொறையும்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். இது பதிலைப் புரிந்துகொண்டவர் கேட்கிற அடுத்த கேள்வி. அடுத்த தலைப்பும் அதுவே.

இரண்டாவது, சத்தமாகக் கேட்பவர்களுக்கே எழுதிக்கொண்டிருப்பது. எந்தப் பக்கத்திலும் கமென்ட் போடுகிறவர்கள் பார்ப்பவர்களில் ஒரு சிறு பகுதிதான். அவர்களிலும் சிலர் எல்லா வீடியோவிலும் வருவார்கள். ஒரே ஆள் ஆறு முறை கேட்டது ஆறு பேர் கேட்டதாகாது. நோட்டில் அதை ஒன்றாகத்தான் எண்ண வேண்டும். வாங்காமல் திரும்புகிறவரிடம் கல்லாவிலிருந்தே ஒரு வார்த்தை, "என்ன யோசிக்கறீங்க, சொல்லுங்க" என்று கேட்டுவிடுவது நல்லது. அந்தப் பெண் அப்படிக் கேட்டுப் பெற்ற பதில்களில் ஒன்று, "எங்க தோட்டத்துக் கடலையே இருக்குது, ஆட்டித் தருவீங்களோ என்னமோன்னு நெனச்சேன்." கூலிக்கு ஆட்டித் தருவது அந்தக் கடையில் என்றைக்குமே உண்டு. எந்த வீடியோவிலும் அது சொல்லப்படவில்லை.

மூன்றாவது, தன் வேலையல்லாத கேள்விக்குப் பதில் சொல்வது. "சுகர் இருக்கு, இந்த எண்ணெய் சாப்பிடலாமா?", "கொலஸ்ட்ரால் குறையுமா?" என்று நிறையவே கேட்பார்கள். பார்வைகள் குவியும் என்பதால் இதற்குப் பதில் சொல்லச் சபலம் வரும். சொல்லக்கூடாது. சமையல் எண்ணெய் நோயைத் தீர்க்கும் என்று உறுதி கொடுப்பது கேட்பவருக்குக் கெடுதல். சட்டமும் அதைத் தடுக்கிறது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தின்படி, உணவுப் பொருளைப் பற்றித் தவறான எண்ணத்தை உண்டாக்கும் விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். இந்தக் கேள்விகளையும் நோட்டில் எழுதலாம். போதுமான அளவு சேர்ந்தால் ஒரு மருத்துவரையோ உணவியல் நிபுணரையோ அழைத்து, அவரைப் பதில் சொல்ல வைக்கலாம். கிடைக்காவிட்டால் "இதை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்" என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

கேட்டவரின் மானமும் காக்கப்பட வேண்டும். வாட்ஸ்அப் உரையாடலைப் படம் பிடித்து, பெயரும் எண்ணும் தெரியப் பொதுவில் போடுகிற பழக்கம் பரவியிருக்கிறது. நம்பிக் கேட்டவருக்குச் செய்கிற துரோகம் அது. "ஒரு அம்மா கேட்டாங்க" என்று சொன்னால் போதும். கேள்வி முக்கியம், ஆள் அடையாளம் வேண்டியதில்லை.

இந்த முறைக்கு எல்லையும் உண்டு. கேள்விகள் ஏற்கெனவே தெரிந்த பொருளைச் சுற்றியே வரும். ஊரில் யாரும் கேள்விப்படாத ஒன்றை, உதாரணமாகப் புதிதாக ஆட்டத் தொடங்கிய குசும்பா எண்ணெயை அறிமுகப்படுத்த வேண்டுமென்றால், அதைப் பற்றிக் கேள்வி வரும் வரை காத்திருக்க முடியாது. அங்கே கடைக்காரரே முதலில் பேச வேண்டும். அவர் பேசிய பிறகு வருகிற கேள்விகளிலிருந்து நோட்டு மறுபடியும் தொடங்கும்.

கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பதினைந்து நாள் எதுவும் புதிதாக எழுத வேண்டாம், வீடியோவும் வேண்டாம். நோட்டை மட்டும் வாங்கி வைத்து, காதில் விழுகிற கேள்விகளைக் கேட்டவர் சொல்லிலேயே எழுதிக்கொண்டு வாருங்கள். பதினாறாம் நாள் அதைப் பிரித்து, நீங்கள் இதுவரை மழுப்பி வந்த கேள்வி எது என்று தேடிப் பாருங்கள். முதல் பதிலை அதற்கே எழுதுங்கள்.